தங்கையின் கல்யாண நினைவுப் புத்தகத்தில் என் பக்கம்

சித்தி மகளுக்குக் கல்யாணம். உறவும் நட்பும் ஆளுக்கொரு பக்கம் கையால் எழுதி, அந்தப் புத்தகத்தை மணமக்களிடம் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. கெட்டி அட்டை போட்ட ஏ5 அளவு நோட்டு ஒன்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எனக்கு ஒரு வலப்பக்கம். அதில் பாசம் தெரிய வேண்டும், படித்தால் சிரிப்பு வர வேண்டும், கடைசியில் ஒரு வாழ்த்தும் இருக்க வேண்டும். மூன்றையும் ஒட்டுத் தெரியாமல் ஒரே பக்கத்தில் எப்படிக் கொண்டுவந்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

எழுதுவதற்கு முன்னால் மற்றவர்கள் எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இது திருட்டுத்தனம் இல்லை, தேவையான வேலை. பாதிக்கு மேல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடந்தது. முதலில் "உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்" என்று ஒரு வரி, நடுவில் எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு கிண்டல், கடைசியில் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க". ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றும் மூன்று வேறு ஆட்கள் எழுதியது போல இருந்தன. கிண்டல் முடிந்ததும் குரல் சட்டென்று மாறி, மேடையில் நின்று பேசுவது போல வாழ்த்து வந்து விழுகிறது. யார் பெயரை மாற்றிப் போட்டாலும் அந்தக் கடைசி வரி பொருந்தும்.

அதனால் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். கிண்டலுக்கு ஒரு சம்பவம், பாசத்துக்கு ஒரு சம்பவம், வாழ்த்துக்கு ஒரு பழமொழி என்று தேடக் கூடாது. ஒரே ஒரு பொருள், அல்லது அவள் வாயில் அடிக்கடி வரும் ஒரே ஒரு சொல். அதிலிருந்தே சிரிப்பும் வர வேண்டும், பாசமும் வர வேண்டும், வாழ்த்தும் வர வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பக்கத்தை அளந்தது

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்தேன். ஏ5 என்பது 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். தைத்த பக்கம் முழுசாகத் திறக்காது என்பதால் இடது ஓரத்தில் 20 மி.மீ. விட்டாக வேண்டும், வலது ஓரத்தில் 12. மிச்சம் 116 மி.மீ. என் கையெழுத்தில் ஓர் எழுத்து ஐந்தாறு மி.மீ. பிடிக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரிக்கு நான்கு சொல் வந்தால் பெரிய விஷயம். மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, 8 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டால் சுமார் இருபது வரி. ஆக மொத்தம் எண்பது சொல்லை ஒட்டித்தான் இடம். கீ, று மாதிரி மேலும் கீழும் இடம் பிடிக்கும் எழுத்துகள் இருப்பதால் வரி இடைவெளியைக் குறைத்து நிறைய எழுதுவதும் முடியாது, வரிகள் ஒன்றோடொன்று மோதும்.

எண்பது சொல் என்று தெரிந்ததும் பல கேள்விகள் தாமாகவே தீர்ந்தன. இரண்டு சம்பவத்துக்கு இடமில்லை. முன்னுரைக்கு இடமில்லை. "உன்னைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது" என்று எழுதினால் அதுவே ஒன்றரை வரியைச் சாப்பிட்டுவிடும்.

கைபேசியில் தட்டச்சு செய்து அளவைப் பார்ப்பது பெரிதாக உதவாது. திரையில் குட்டியாகத் தெரியும் பத்தி, கையால் எழுதும்போது பக்கத்தைத் தாண்டி ஓடும். பழைய நோட்டுத்தாளில் அதே அளவுக்குப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, எல்லா வரைவையும் அதற்குள்ளேயே எழுதிப் பார்த்தேன்.

எந்தச் சம்பவம்

இவளைப் பற்றி நினைவில் வந்ததையெல்லாம் வரிசை பார்க்காமல் ஒரு தாளில் குறித்தேன். பள்ளி நாடகத்தில் மரமாக நடித்தவள், நடுவில் தும்மியது. கணக்குத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் ஒளித்தது. சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது வேலியோடு போய் மோதியது. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னது. பரமபதம் ஆடும்போது அவள் செய்யும் அழும்பு.

கிண்டலுக்கு எது சரிப்படும் என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: அந்தக் கதையில் ஜெயிப்பது யார்? கிண்டல் செய்யப்படுகிறவள் கதையின் முடிவில் கெட்டிக்காரியாகத் தெரிந்தால் அது செல்லம். சின்னவளாகத் தெரிந்தால் குத்தல். மதிப்பெண் கதையிலும் சைக்கிள் கதையிலும் அவள் தோற்கிறாள். கல்யாண வீட்டில் எல்லோர் கையிலும் சுற்றப்போகும் புத்தகத்தில் அது வேண்டாம். பிடித்தவரைப் பற்றிய கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவள் என்னை நம்பிச் சொன்னது, அதை எழுத எனக்கு உரிமை கிடையாது. தும்மிய மரம் நிஜமாகவே சிரிப்பு மூட்டும், ஆனால் அதோடு முடிந்துவிடுகிறது. அதிலிருந்து பாசத்துக்கோ வாழ்த்துக்கோ போக வழியில்லை.

பரமபதத்தில் வழி இருந்தது. ஆறேழு வயதில் அவள் ஆடும் ஆட்டத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. காய் போய்ப் பாம்பின் தலையில் நின்றால் கொஞ்சமும் அசராமல், "இந்தப் பாம்பு இப்ப தூங்குது" என்பாள். காய் இறங்காது. அடுத்த ஆட்டத்தில் அதே பாம்பின் தலையில் நான் போய் நின்றால், பாம்பு விழித்துவிட்டது என்று அவளே என் காயை வால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வைப்பாள். இதில் தோற்பது நான். அவள் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே இருக்கிறது. முக்கியமாக, அந்தச் சொல் பல வருஷம் கழித்து இன்னொரு இடத்திலும் வந்தது. எனக்கு வேலை போயிருந்த சமயத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். வெளியே நின்று அவள் சொன்னாள்: "அண்ணா, பாம்பு தூங்குதுன்னு வெச்சுக்கோ. இன்னொரு தடவை உருட்டு."

சிரிப்பும் பாசமும் ஒரே பாம்பில் கிடைத்துவிட்டன. வாழ்த்தும் அதிலேயே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்தது. எந்த வரியில் என்பதுதான் தெரியவில்லை.

வரைவுகள்

முதலில் வந்த வரைவின் தொடக்கம் இப்படி இருந்தது:

"அன்புத் தங்கையே, நாம் சிறு வயதில் விடுமுறை நாட்களில் பரமபதம் விளையாடியது உனக்கு நினைவிருக்கிறதா? நீ எப்போதும் விதிகளை மாற்றுவாய். பாம்பின் தலையில் உன் காய் நின்றால் பாம்பு தூங்குகிறது என்று கூறுவாய். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்."

இதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏதோ ஒன்று வீணாகிறது. நினைவிருக்கிறதா என்று கேட்பதற்கு அவசியமில்லை, அவளுக்கு நினைவிருக்கும். "விதிகளை மாற்றுவாய்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாம்பு தூங்குகிற இடத்தில் சிரிப்பு வராது. அவள் சொன்னதை "கூறுவாய்" என்று மாற்றி எழுதியதில் அவள் குரலே போய்விட்டது. கடைசி வாக்கியம் சிரிக்கச் சொல்லிக் கை காட்டுகிறது. நான் சிரித்தேன் என்று எழுதினால் படிக்கிறவர் சிரிக்க மாட்டார்.

இன்னொன்றும் உறுத்தியது. "நீ" என்று தொடங்கிவிட்டால் தமிழில் வாக்கியம் எல்லாம் "மாற்றுவாய், கூறுவாய், சிரிப்பாய், ஓடுவாய்" என்று ஒரே ஓசையில் முடியும். மூன்று தொடர்ந்து வந்தாலே குற்றப்பத்திரிகை வாசிப்பது போல ஆகிவிடுகிறது. இதற்கு வழி, எழுவாயை மாற்றுவது. காய் நிற்கும், பாம்பு விழிக்கும், குரல் கேட்கும். இப்படி வேறு வேறு எழுவாய் வைத்தால் அந்த ஓசை உடைந்துவிடும். பக்கம் முழுவதிலும் "ஆய்" என்று முடியும் சொல் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும்.

அவள் பேசியதை மட்டும் பேச்சுத் தமிழில், மேற்கோளுக்குள் வைத்தேன். மற்றதெல்லாம் எழுத்து நடை. முழுப் பக்கத்தையும் பேச்சு நடையில் எழுதிப் பார்த்தபோது அவள் குரலும் என் குரலும் கலந்துபோயின. மேற்கோளுக்கு இருந்த எடுப்பு காணாமல் போனது.

அப்புறம் பாசம். இந்த இடத்தில்தான் பலருடைய பக்கம் இரங்கல் செய்தி மாதிரி மாறிவிடுகிறது. "நீ எங்கள் வீட்டின் விளக்காக இருந்தாய்" என்று இறந்தகாலத்தில் புகழ்ந்தால் வேறு என்ன தோன்றும்? "எங்களை விட்டுப் போகிறாய்" என்பதும் இதே வகைதான், அவள் எங்கும் போகவில்லை. என் வரைவில் கதவுக்கு வெளியே நின்று அவள் சொன்ன வாக்கியத்துக்குப் பிறகு, "அந்த நாளில் நீ தந்த தைரியத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்" என்று இருந்தது. பொய்யில்லை, ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் எழுதும் வாக்கியம். அதை அடித்துவிட்டு, அவள் சொன்னபின் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் ஒரே சொல்லில் வைத்தேன்: "உருட்டினேன்." அவள் சொல் எனக்கு வேலை செய்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சம்பவத்தில் சங்கடமான பகுதி இருந்தால் அது எழுதுகிறவருடையதாக இருப்பது நல்லது. வேலை போனது எனக்கு. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவளைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கவும் அதில் எதுவுமில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு வரி

புத்தகம் இரண்டு பேருக்கு. ஆனால் பெண் வீட்டார் எழுதிய பக்கங்களில் மாப்பிள்ளை பெரும்பாலும் "உன் கணவருடன்" என்ற சொல்லாக மட்டுமே வருகிறார். அவருக்கு இந்தப் பாம்புக் கதை தெரியாது. அதனால் அவரும் சிரிக்கிற மாதிரி கதையை முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது, வீட்டுக்குள் மட்டும் புரியும் சுருக்கமாக வைக்க முடியவில்லை. பிறகு அவரிடமே திரும்பி ஒரு வரி.

எனக்கு அவரோடு அவ்வளவு பழக்கமில்லை. நன்றாகத் தெரியாதவரைக் கிண்டல் செய்யக் கூடாது. அவரையும் என்னைப் போல ஏமாறப்போகிறவர் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. "ஜாக்கிரதை மாப்பிள்ளை, இனி நீங்கள்தான் மாட்டினீர்கள்" என்ற மாதிரியான வரி சட்டென்று வரும். ஆனால் இது அவளைத் தொல்லையாகக் காட்டுகிறது, கல்யாணத்தைத் தண்டனையாகக் காட்டுகிறது, போதாக்குறைக்குப் பலரும் சொல்லித் தேய்ந்த கிண்டல். அதே விஷயத்தைச் சலுகையாகத் திருப்பினேன்: "இனி இந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு. எந்தப் பாம்பு எப்போது தூங்கும் என்பதை மட்டும் அவள்தான் முடிவுசெய்வாள்." இங்கே அதிகாரம் அவள் கையில், லாபம் அவருக்கு.

தங்கைக்கு "நீ", மாப்பிள்ளைக்கு "நீங்கள்". பிறகு இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லும்போதும் "நீங்கள்" என்றுதான் வரும். அங்கே "உங்கள் இருவரின்" என்று தெளிவாக எழுதாவிட்டால், வாழ்த்து முழுக்க மாப்பிள்ளைக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

வாழ்த்து

அதிக நேரம் எடுத்தது இதுதான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்ற பழைய வாழ்த்து எனக்குப் பிடிக்கும், ஓசையும் அருமை. ஆனால் அது வேறு ஒரு பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. அப்படி இல்லாவிட்டாலும், பாம்புக்கும் பகடைக்கும் நடுவில் ஆலமரத்தைக் கொண்டுவந்து நட்டால் நான் சொன்ன அதே ஒட்டு தெரியும். "பதினாறும் பெற்று" என்பதில் பதினாறு செல்வங்கள் என்றுதான் பொருள் சொல்வார்கள். ஆனால் படிக்கிறவர்கள் பிள்ளைகளைத்தான் எண்ணிச் சிரிப்பார்கள். குழந்தை விஷயத்தை மணமக்களின் புத்தகத்தில் நாம் ஏன் கிளற வேண்டும்?

சொந்தமாக எழுத உட்கார்ந்தபோது வந்தவை எல்லாம் அறிவுரையாக இருந்தன. "விட்டுக்கொடுத்து வாழுங்கள்." "ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளுங்கள்." "பாம்பைக் கண்டு பயப்படாதீர்கள், மீண்டும் உருட்டுங்கள்." இவை ஏன் வாழ்த்தாகத் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இவற்றிலெல்லாம் வேலை மணமக்களுக்கு. அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வாழ்த்தில் வேலை அவர்களுக்கு இருக்கக் கூடாது, காலத்துக்கும் உலகத்துக்கும் இருக்க வேண்டும். ஆக, எழுவாயை மறுபடி மாற்றினேன். மணமக்களை விட்டுவிட்டு பாம்புகளிடம் கேட்டேன்: "உங்கள் இருவரின் வழியில் வரும் பாம்பெல்லாம் நன்றாகத் தூங்கட்டும்."

"வாழ்க, வளர்க" என்று முடிக்காமல் "தூங்கட்டும், இருக்கட்டும்" என்று முடித்ததற்கும் காரணம் உண்டு. நான் அவளுக்கு அண்ணன்தான், ஆசீர்வாதம் செய்யும் அளவுக்குப் பெரியவன் இல்லை. "வாழ்க" என்றால் என் கை தானாக உயர்ந்துவிடுகிறது. "இருக்கட்டும்" என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஆசைப்படுவது போல இருக்கிறது. தாத்தா பாட்டி எழுதும் பக்கத்தில் "வாழ்க" கம்பீரமாக நிற்கும், அவர்களுக்கு அது பொருத்தம். மணப்பெண்ணைவிட வயதில் சின்னவர்கள் எழுதுவதாக இருந்தால், "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்ற போஸ்டர் வாசகத்துக்குப் போகாமல் இந்த "ட்டும்" வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது எல்லா வயதுக்கும் ஒத்துவருகிறது.

பாம்பெல்லாம் தூங்கட்டும் என்று மட்டும் விட்டால் அது வெறும் விளையாட்டாக நின்றுவிடும். எல்லாப் பாம்பும் தூங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அடுத்த வரி தேவைப்பட்டது. முதலில் எழுதியது: "ஒன்றிரண்டு பாம்பு கொத்தினாலும், விழுகிற இடத்தில் இருவரும் ஒன்றாக விழுங்கள்." இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணப் புஸ்தகத்துல கொத்துற பாம்பாடா?" நியாயம்தான். "கொத்து", "விழு" இரண்டு சொல்லையும் எடுத்தேன், கருத்தை எடுக்கவில்லை. "ஒன்றிரண்டு விழித்திருந்தாலும், இறங்கும் கட்டத்தில் இருவரும் ஒன்றாகவே இருக்கட்டும்." விழித்திருப்பது கொத்துவதைவிட மென்மையானது, மேலே வரும் தூக்கத்தோடும் சேர்கிறது. விழுவதும் இறங்குவதாக ஆகிவிட்டது. பரமபதத்தில் நிஜமாகவே காய் இறங்கத்தான் செய்கிறது. மங்கல வீட்டுக்கு ஆகாத சொல் என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாமல் கேட்டுக்கொண்டால், பல சமயம் வாக்கியமே மேம்படுகிறது.

ஏணியை மறந்துவிட்டோமே என்று கடைசியில் அதற்கு ஒரு வரி.

கையெழுத்திடும் வரிக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வாழ்த்து கனமாக முடிகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு கிண்டலைச் சேர்த்தால் வாழ்த்து கலைந்துபோகும். ஆனால் யார் எழுதியது என்று சொல்லும் வரியில் லேசாக ஒரு சிரிப்பை வைக்கலாம், அது யாருக்கும் உறுத்தாது. வெறும் "அண்ணன்" என்று போடவில்லை. அவளுக்கு அண்ணன்கள் பலர். இருபது வருஷம் கழித்து அவள் பிள்ளைகள் படித்தால் எந்த அண்ணன் என்று தெரிய வேண்டும். உறவையும் பெயரையும் தேதியையும் வருஷத்தோடு முழுசாகப் போட வேண்டும்.

முடிவில் நின்றது இது. பெயரையும் தேதியையும் மட்டும் இங்கே சேர்க்கவில்லை.

"குட்டிமா,

பரமபதத்தில் உன் காய் பாம்பின் தலையில் போய் நிற்கும். 'இந்தப் பாம்பு இப்ப தூங்குது' என்பாய். என் காய் நின்றால் மட்டும் அதே பாம்பு விழித்துக்கொள்ளும்.

எனக்கு வேலை போன சமயம், சாத்திய கதவுக்கு வெளியே உன் குரல்: 'அண்ணா, பாம்பு தூங்குதுன்னு வெச்சுக்கோ. இன்னொரு தடவை உருட்டு.' உருட்டினேன்.

மாப்பிள்ளை, இனி இந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு. எந்தப் பாம்பு எப்போது தூங்கும் என்பதை மட்டும் அவள்தான் முடிவுசெய்வாள்.

உங்கள் இருவரின் வழியில் வரும் பாம்பெல்லாம் நன்றாகத் தூங்கட்டும். ஒன்றிரண்டு விழித்திருந்தாலும், இறங்கும் கட்டத்தில் இருவரும் ஒன்றாகவே இருக்கட்டும். பக்கத்திலேயே ஓர் ஏணி இருக்கட்டும்.

இன்னும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத,
உன் பெரியம்மா மகன்"

புத்தகத்தில் ஏற்றும் முன் வாய்விட்டுப் படித்தேன். நாக்கு தடுக்கும் இடம்தான் கண்ணும் தடுக்கும் இடம். பிறகு மூன்று பேர் இதைப் படிப்பதாக நினைத்துக்கொண்டேன்: சிரிப்பும் அழுகையுமாக அவள், யாருடைய கதையும் தெரியாத மாமியார், வருஷம் கழித்து அவளுடைய மகளோ மகனோ. மூன்று பேரில் யாராவது ஒருவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், அல்லது ஒருவராவது முகம் சுளிப்பார் என்று பட்டால், அந்த வரியை மாற்றியாக வேண்டும். மாமியாரை நினைத்துப் பார்த்ததில்தான் "அழும்பு" என்ற சொல் போனது. எனக்கு அது செல்லச் சொல், புதிதாக வரும் மருமகளைப் பற்றி அவர் படிக்கும்போது அப்படி இருக்காது.

தாளில் ஏற்றியது

பேனாவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். புத்தகத்தின் கடைசித் தாளில், மூலையில், கையிலிருந்த பேனாக்களால் ஒவ்வொரு கோடு போட்டேன். அரை நிமிஷம் கழித்து விரலால் தேய்த்தேன், பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஜெல் பேனா இழுவிக்கொண்டது. இந்த மாதிரி வழவழப்பான தாளில் ஜெல் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், காய நேரமாகும். பந்துமுனைப் பேனா இழுவவில்லை, ஆனால் அழுத்தம் பின்பக்கம் மேடாகத் தெரிந்தது, அங்கே வேறொருவர் எழுத வேண்டும். ஊற்றுப் பேனா மை சாயமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரையும், கல்யாண வீட்டில் கண்ணீருக்குப் பஞ்சமிருக்காது. நிறமி மை உள்ள மெல்லிய முனைப் பேனாக்கள் படம் வரைகிறவர்களுக்கு என்று விற்கிறார்கள். காய்ந்தபின் அந்த மை தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் தாங்கும். 0.5 முனையில் எழுதினேன். அதைவிட மெல்லிசாக இருந்தால் சுழிகள் தெளிவாக வரும், ஆனால் பக்கம் வெளிறித் தெரிகிறது. தடிமனானால் "ண", "ன" இரண்டின் சுழியும் அடைந்து ஒன்றுபோல ஆகிவிடும்.

தாள் தடிமனாக இருந்ததால் அடியில் கோடு போட்ட தாளை வைத்தால் தெரியவில்லை. எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் கோடு போட்டேன். எழுதி முடித்து, மறுநாள்தான் ரப்பர் வைத்தேன். மை மேலே காய்ந்தது போல இருந்தாலும் உடனே தேய்த்தால் எழுத்து மங்கும். கை வேர்க்கும் என்பதால் உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். எழுதும்போது வரைவை எதிரே வைத்து, ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதைக்கூட அப்படியே பின்பற்றினேன். வரி ஓரத்தில் இடம் போதாமல் சொல்லை உடைப்பது கையெழுத்தில் அசிங்கமாகத் தெரியும்.

பிழை வந்தால் வெள்ளை மை பூச வேண்டாம். சில வருஷத்தில் அது பழுப்பேறி, பிழை இருந்த இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். கை நடுங்குகிறது என்று தோன்றினால் தனியாக ஒரு நல்ல தாளில் எழுதி, புகைப்பட ஆல்பத்தில் பயன்படுத்தும் மூலை ஒட்டிகளால் பக்கத்தில் பொருத்திவிடலாம். பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

இவ்வளவு நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. கல்யாண மண்டபத்திலேயே புத்தகத்தை நீட்டி, பின்னால் நாலு பேர் காத்திருக்க, எழுதச் சொல்வார்கள். அப்போதும் இதே முறையைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். மணமக்களில் உங்களுக்குத் தெரிந்தவர் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை மேற்கோளில் எழுதுங்கள், அதே சொல்லை வைத்து "ட்டும்" என்று முடியும் ஒரு வாழ்த்து எழுதுங்கள். என் நண்பன் ஒருவன், எங்கே கூப்பிட்டாலும் "இதோ தெரு முனையில இருக்கேன்" என்று வீட்டிலிருந்தே சொல்லும் தன் மாமா பையனுக்கு இப்படி எழுதிவிட்டு வந்தான்: "'தெரு முனையில இருக்கேன்.' நீ சொன்ன இந்தப் பொய் இனி உண்மையாகட்டும். அவள் கூப்பிடும்போதெல்லாம் நீ நிஜமாகவே தெரு முனையில் இருக்கும்படி அமையட்டும்." நின்றுகொண்டே எழுதியதாம்.